சுவரோரம் நீளமாக ஓடும் பைப் தொங்காமலிருக்க: கிளாம்ப் இடைவெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏனுங்க, எங்க தறி குடோன் மேக்காலச் சுவத்துல 1 அங்குல சிபிவிசி பைப் 80 அடிக்கு ஓடுது. 8 அடிக்கு ஒரு கிளாம்ப்தான் போட்டிருக்காங்க. ரெண்டு வருசத்துல தோரணமாட்ட தொங்குது. எத்தனை அடிக்கு ஒண்ணு போட்டிருக்கணும்?

3 அடிக்கு ஒன்று. ஒரு அங்குலமும் அதற்குக் கீழும் உள்ள சிபிவிசி பைப்புக்கு இதுதான் அளவு. ஒன்றேகால் அங்குலத்திலிருந்து மேலே போனால் 4 அடி வரை விடலாம்.

8 அடி என்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன். ஜிஐ பைப்பில் தொழில் பழகியவர்களுக்கு 1 அங்குலத்துக்கு 8 அடி என்பது கையிலேயே பதிந்து போன அளவு. ஜிஐயில் அது சரியான அளவும்கூட. தண்ணீர் நிறைந்த 1 அங்குல ஜிஐ பைப்பை 8 அடிக்கு ஒருதரம் பிடித்தால் நடுவில் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. பைப் மாறியது, கை மாறவில்லை. சோமனூர்ப் பக்கம் ஒரு தறி குடோனில் முதன்முதலாக சிபிவிசி ஓட்டியபோது, நானும் பழைய ஞாபகத்தில் 8 அடிக்கு ஒன்று என்று அடித்துவிட்டு வந்தேன். உங்கள் குடோன் அளவேதான், அதே 80 அடி, அதே மேற்குச் சுவர். அந்த வேலையைத் திரும்பப் போய்ச் சரிசெய்ததில் படித்ததைத்தான் கீழே பல இடத்தில் சொல்லப்போகிறேன்.

தொங்கலுக்கும் இடைவெளிக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் நேர்க்கணக்கு இல்லை. இடைவெளியை இரண்டு மடங்காக்கினால் தொங்கல் பதினாறு மடங்கு ஆகும். இடைவெளியின் நாலாம் படிக்கு அது ஏறுகிறது. 3 அடியில் அரை மில்லிமீட்டர், முக்கால் மில்லிமீட்டர் என்று கண்ணுக்கே தெரியாமல் இருப்பது, 8 அடியில் ஏறக்குறைய ஐம்பது மடங்காகிவிடும். அதாவது 35 மில்லிமீட்டர், ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் சுவரில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், அந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மாட்டுன அன்னிக்கு நூல் புடிச்சாப்ல நேரா இருந்துச்சுங்களே. அப்புறம் எப்படித் தொங்கும்? பைப் மட்டமானதா?

பைப்பைக் குறை சொல்ல வேண்டாம். பிளாஸ்டிக்கின் குணம் அது. ஒரு பாரத்தை அதன்மேல் வைத்தால் அன்றைக்கு ஒரு அளவு வளையும். பாரம் எடுக்கப்படாமலே இருந்தால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மேலும் இறங்கிக்கொண்டே போகும். இரும்பு நம்ம வெயிலில் அப்படிச் செய்யாது.

1 அங்குல சிபிவிசியில் ஒரு மீட்டருக்குப் பைப்பும் தண்ணீரும் சேர்ந்து முக்கால் கிலோ. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 8 அடி இடைவெளியில், மாட்டிய அன்றைக்கு இந்த எடைக்கு அரை அங்குலம் போல இறங்கும். அன்றைக்குப் பைப் காலியாக இருந்திருந்தால் அதிலும் பாதிதான். எட்ட நின்று பார்க்கிறவருக்கு அது நேராகத்தான் தெரியும். கூலி வாங்கிக்கொண்டு நாம் போய்விடுவோம். அப்புறம் இரண்டு கோடை போகிறது. மதிய வெயிலில் பைப் சூடேறி இளகும் நேரமெல்லாம் இறக்கம் வேகமாகிறது. கடைசியில் முதல் நாள் அளவைப்போல் மூன்று மடங்குக்கு வந்து நிற்கும்.

இதனால்தான் பிளாஸ்டிக் பைப்புக்கு இடைவெளி வைக்கும்போது இன்று எப்படி இருக்கிறது என்று பார்த்து வைக்கக் கூடாது.

நான் 3 அடிக்கே போட்டேன் அண்ணா. அப்பவும் பாம்பாட்ட நெளியுது. இன்னும் நெருக்கிப் போடட்டுமா?

போடாதீர்கள். முதலில் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். காலையில் பால் கறக்கும் நேரத்துக்கு எழுந்து பைப்பை ஒருதரம் பாருங்கள். அதே நாள் மதியம் 2 மணிக்கு இன்னொரு தரம் பாருங்கள். இரண்டு நேரமும் ஒரேமாதிரி கீழ்நோக்கித் தொங்கினால், அது எடை, இடைவெளி அதிகம். காலையில் நேராக இருந்து மதியம் பக்கவாட்டில், சுவரைவிட்டு வெளியே புடைத்து, கிளாம்ப்புக்குக் கிளாம்ப் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று நெளிந்தால், அது வெயில். இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. நிறையப் பேர் இரண்டாவது நோய்க்கு முதல் மருந்தைக் கொடுத்துவிட்டு, கிளாம்ப் காசு வீண் என்று பேசுகிறார்கள்.

வெயிலில் என்ன நடக்கிறது என்றால், பைப் நீளமாகிறது. 10 மீட்டர் சிபிவிசி, 10 டிகிரி சூடு ஏறினால் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளும். அதே ஜிஐ 1 மில்லிமீட்டர் சொச்சம்தான் நீளும். உங்கள் 80 அடி என்பது 24 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும் பைப், சித்திரை மாத மதியம் மேற்குச் சுவரில், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது 55 டிகிரியைத் தொடலாம். வித்தியாசம் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால் நீட்சி 54 மில்லிமீட்டர், இரண்டு அங்குலத்துக்கு மேல். சுவரும் கொஞ்சம் விரியும்தான், ஆனால் பைப்போடு சேர்த்துப் பார்த்தால் அது கணக்கில் வராது.

இந்த இரண்டு அங்குலம் எங்கேயாவது போயாக வேண்டும். எல்லாக் கிளாம்ப்பையும் ஸ்குரூ முட்ட இறுக்கியிருந்தால் பைப் நகர வழியில்லை. ஒவ்வொரு 3 அடித் துண்டும் தன் பங்கு நீட்சியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பக்கவாட்டில் வளைகிறது. நீட்சி கொஞ்சம்தானே என்று தோன்றும், ஆனால் புடைப்பு அப்படி இல்லை. ஒரு துண்டுக்கு 2 மில்லிமீட்டர் நீட்சிக்கே நடுவில் 2 சென்டிமீட்டர் வரை வெளியே தள்ளும். கிளாம்ப்பை நெருக்கினால் புடைப்பு சிறிதாகும், ஆனால் தள்ளும் விசை எங்கும் போகாது. அது பிளக்கைப் பிடுங்கும், இல்லாவிட்டால் எல்போ ஒட்டில் விரிசல் விடும்.

ஆகவே கிளாம்ப்புக்கு இரண்டு வேலை. கீழே விழாமல் தாங்குவது ஒன்று. நீளவாக்கில் ஓட விடுவது இன்னொன்று. இடைவெளி முதல் வேலையைக் கவனிக்கும், எவ்வளவு இறுக்குகிறோம் என்பது இரண்டாவதைக் கவனிக்கும்.

அப்பொ எதை இறுக்கறது, எதை லூசா உடறது? எல்லாத்தையும் லூசா உட்டா பைப் ஆடாதுங்களா?

ஒரே ஓர் இடத்தில் இறுக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் பைப்பைத் தாங்கினால் போதும், பிடிக்கக் கூடாது. அந்த ஓர் இடம் நடுவில் இருந்தால் நல்லது. அப்போது நீட்சி பாதிப் பாதியாகப் பிரிந்து, இரண்டு முனைக்கும் 27 மில்லிமீட்டர் வீதம் போகும்.

சோமனூர்ச் சுவரில் இரண்டாம் தரம் நான் செய்ததை அப்படியே சொல்கிறேன். பைப் 10 அடித் துண்டுகளாக இருந்தது. 80 அடிக்கு எட்டுத் துண்டு, ஏழு கப்ளிங். நாலாவது கப்ளிங் சரியாக 40 அடியில் விழுந்தது. அந்தக் கப்ளிங்கின் இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் ஒவ்வொரு கிளாம்ப் வைத்தேன். கப்ளிங் பைப்பைவிடப் பருமன் என்பதால் இந்தக் கிளாம்ப்பையும் தாண்டாது, அந்தக் கிளாம்ப்பையும் தாண்டாது. பைப்பை நெரிக்காமலே நங்கூரம் போட்டதுபோல் நிற்கும். இந்த உபாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் ஸ்குரூவை மூர்க்கமாக முறுக்கிப் பைப்பை நசுக்கும் வேலையே இதில் இல்லை.

அங்கிருந்து இரண்டு பக்கமும் 3 அடிக்கு ஒன்றாக, மூலைக்கு 1 அடி முன்னால் வரை, பக்கத்துக்கு பதின்மூன்று கிளாம்ப். மொத்தம் 28. முன்பு நான் அடித்திருந்தது 11. இந்தப் பதின்மூன்றும் பைப் உள்ளே தாராளமாக வழுக்கும்படி. கையால் பைப்பை நீளவாக்கில் தள்ளினால் நகர வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் லேசாகத்தான் ஆட வேண்டும். பைப்போடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் கிளிப்பில் பெரும்பாலும் அந்த இடம் இருக்கும். தகர சாடில் என்றால் ஓர் அளவு பெரியதாக வாங்கிக்கொள்ளலாம், விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தினமும் போய்வரும் பைப்பை அது அறுத்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. நடுவிலிருந்து 3 அடி 3 அடியாக எண்ணிக்கொண்டு போனால், மூலையிலிருந்து 10 அடியில் கிளாம்ப்பும் கப்ளிங்கும் ஒரே இடத்தில் மோதின. அந்த இடம் நடுவிலிருந்து 30 அடி தள்ளி இருக்கிறது. அங்கே பைப் 20 மில்லிமீட்டர் நகரும். கப்ளிங் வந்து கிளாம்ப்பில் இடித்தால், நாம் வேண்டாத இடத்தில் இன்னொரு நங்கூரம் தானாக உண்டாகிவிடும். அதனால் அந்தக் கிளாம்ப்பையும் அதற்கு அப்பால் மூலை வரை உள்ளவற்றையும் அரை அடி நடுப்பக்கமாகத் தள்ளி அடித்தேன். கப்ளிங்குக்கும் ஓட விட்ட கிளாம்ப்புக்கும் நடுவில் எப்போதும் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும்.

ரெண்டு மூலையிலயும் எல்போ வருதுங்க. அங்க என்ன பண்றது?

முனைக்கு வந்து சேரும் அந்த 27 மில்லிமீட்டரை எல்போவுக்கு அடுத்த பைப்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்போவிலிருந்து கீழே இறங்கும் பைப்போ, மேலே தொட்டிக்கு ஏறும் பைப்போ, முதல் 3 அடிக்கு எந்தக் கிளாம்ப்பும் இல்லாமல் விடுங்கள். அந்த 3 அடி லேசாக வளைந்து கொடுக்கும். எல்போவுக்கு ஓர் அங்குலம் கீழேயே கிளாம்ப் அடித்துவிட்டால் நீட்சி முழுவதும் எல்போ ஒட்டை முறிக்கப் பார்க்கும். உறுதியாக இருக்கட்டும் என்று எல்போவை ஒட்டி இரண்டு பக்கமும் கிளாம்ப் அடிப்பது நம்ம ஊரில் வழக்கம். வெயில் படும் நீளமான பைப்பில் கசிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

எல்போவுக்குப் பக்கத்தில் சுவர் ஏதும் முட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலைச் சுவருக்கும் எல்போவுக்கும் நடுவில் ஒன்றரை அங்குலமாவது காலி இடம் வேண்டும். சுவருக்குள் ஓட்டை போட்டுப் போகிறது என்றால், ஓட்டையில் ஒரு பெரிய பைப்புத் துண்டைச் சொருகி, அதற்குள் இதை விடுங்கள். நேராக சிமெண்ட் வைத்துப் பூசினால் அது இன்னொரு நங்கூரம்.

மூலை திரும்பி அடுத்த சுவரிலும் கிடையாகவே போகிறது என்றால், அந்த 3 அடிக்கு அடியில் ஒரு சின்ன எல் ஆங்கிள் வைத்து, பைப் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்படி செய்யலாம். தாங்கவும் செய்யும், நகரவும் விடும்.

சைக்கிள் டியூபை வெட்டி கிளாம்ப்புக்குள்ள வெச்சா பைப்புக்கு நல்லதுன்னு சொல்றாங்க. மெய்தானுங்களா?

ஜிஐயில் நல்லது. தகரமும் ஜிஐயும் உரசாது, மோட்டார் ஓடும்போது சத்தமும் குறையும். பிளாஸ்டிக் பைப்பில், ஓட வேண்டிய கிளாம்ப்பில் அதை வைத்தால் ரப்பர் பைப்பைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அது வழுக்காது. அதற்குப் பதில் கொஞ்சம் பெரிய பிவிசி பைப்பில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கிளாம்ப்புக்குள் செருகிவிட்டால் வேலை முடிந்தது.

இன்னொன்று. தற்காலிகத்துக்கு என்று கரண்ட் ஒயர் துண்டை எடுத்து சிபிவிசி பைப்பைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஒயரின் மேல்தோலில் அதை இளக்கமாக்கச் சேர்க்கும் எண்ணெய் இருக்கிறது. நாள்பட அது சிபிவிசியில் ஊறி விரிசல் விடச் செய்யும். சணல் கயிறு கட்டினாலும் பரவாயில்லை, ஒயர் வேண்டாம்.

எங்கது ஹாலோ பிளாக் சுவருங்க. பிளக் நிக்கவே மாட்டேங்குது. 28 கிளாம்ப் போட்டா சுவரே ஓட்டையாயிருமே?

ஒரு கிளாம்ப் தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். 3 அடித் துண்டுக்குத் தண்ணீரோடு முக்கால் கிலோகூட இல்லை. இந்த எடைக்குப் பிளக் பிடுங்கிக்கொண்டு வராது. பிடுங்குவது மேலே சொன்ன வெயில் நெளிவு, இல்லாவிட்டால் பைப்பைப் பிடித்து ஏறும் ஆள், அதில் ஈரத் துணி காயப்போடும் நம் வீட்டாட்கள். பைப் தாராளமாக ஓடும் சுவரில் பிளக் தானாகக் கழன்று நான் பார்த்தது குறைவு.

ஹாலோ பிளாக்கில் தோல் ஓர் அங்குலம் சொச்சம்தான் இருக்கும், அப்புறம் பொந்து. டிரில் திடீரென்று உள்ளே போய் விழுந்தால் பொந்தில் அடித்துவிட்டீர்கள். அந்த இடத்தில் சாதாரண நீளப் பிளக்கின் நுனி காற்றில் நிற்கும். ஓர் அங்குலம் அரை அங்குலம் தள்ளி அடித்தால் நடுச்சுவரோ பிளாக்கின் ஓரமோ கிடைக்கும். 3 அடி என்பது மேல் வரம்பு. நல்ல இடம் தேடி 2 அடி 9 அங்குலத்தில் அடிப்பதால் ஒன்றும் கெடாது, 3 அடி 6 அங்குலத்துக்குப் போவதுதான் கூடாது. சுத்தியல் அடியோடு துளைக்கும் முறையை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளைத்தால் பிளாக் உடையாது.

பழைய ஓட்டு வீடுகளில் மண் சாந்துச் சுவர்மேல் சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். அங்கே பிளக் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போயிருக்கிறதா என்பதை டிரில்லில் வரும் தூளின் நிறமே சொல்லும். வெள்ளைத் தூள் முடிந்து செவப்புத் தூள் வந்த பிறகு இன்னும் ஓர் அங்குலம் போகட்டும்.

ஏற்கெனவே தொங்கிப் போனதை மாத்தாம நேராக்க முடியுமாங்க?

பெரும்பாலும் முடியும், புதுப் பைப் வாங்க அவசரம் வேண்டாம். ஆனால் தொங்கின இடத்தில் நடுவில் தூக்கி ஒரு கிளாம்ப் அடித்தால் போதும் என்று ஆரம்பித்தால் வளைவு பக்கத்துத் துண்டுக்குப் போகும். தொங்கிய பைப் நேரான பைப்பைவிடக் கொஞ்சம் நீளம். ஒன்றரை அங்குலம் தொங்கும் ஒரு 8 அடித் துண்டில் ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம் இருக்கும். பத்துத் துண்டுக்கு ஒன்றரை சென்டிமீட்டர். அது முனை வழியாக வெளியே வர வழி செய்துவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

முதலில் தண்ணீரை வடித்துவிடுங்கள், பாதிக்கு மேல் எடை குறையும். எல்லாக் கிளாம்ப்பையும் தளர்த்துங்கள். இரண்டு முனையிலும் எல்போவுக்கு அடுத்த 3 அடியில் உள்ள கிளாம்ப்பைக் கழற்றிவிடுங்கள். சுவரில் கலர் நூல் அடித்து, நடுவில் நங்கூரத்தை முதலில் வைத்துவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு கிளாம்ப்பாக முனையை நோக்கிப் போங்கள். மிச்ச நீளம் முன்னால் தள்ளிக்கொண்டே போய் முனையில் வெளியேறும். காலை ஒன்பது பத்து மணி இதற்குத் தோதான நேரம். விடிகாலையில் பைப் விறைப்பாக இருக்கும், மதியத்தில் நீண்டிருக்கும்.

நூல் அடிக்கும்போது வடிகால் வால்வு இருக்கும் பக்கம் 80 அடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் கொடுத்துவிடுங்கள். கிடையாக ஓட்டினால் ஏதோ ஓர் இடத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

வளைவு ரொம்பப் பதிந்துவிட்டிருந்தால், இரண்டு முனையிலும் எல்போவுக்கு முன்னால் வெட்டி, மொத்தப் பைப்பையும் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டுவேன். தொங்கல் மேல்நோக்கிய வளைவாகும். 3 அடிக் கிளாம்ப்பும் தண்ணீர் எடையும் சேர்ந்து அதைப் படிய வைத்துவிடும். தீ காட்டியோ சூட்டுக் காற்றடித்தோ நேராக்க வேண்டாம். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பைப்பின் கனம் மெலிந்து போயிருக்கும்.

தொங்குனா தொங்கட்டும், தண்ணி வருதல்ல. எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்?

மோட்டார் அழுத்தத்தில் தண்ணீர் போகிற பைப் என்றால் தண்ணீர் வரத்தான் செய்யும், பார்வைக்குத்தான் அசிங்கம். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கி வரும் பைப்பில் கதை வேறு. ஒவ்வொரு கிளாம்ப்பும் ஒரு மேடு, ஒவ்வொரு தொங்கலும் ஒரு பள்ளம். தொட்டி காலியாகி மறுபடி நிரம்பும்போது மேடுகளில் காற்று மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு காற்றுக் குமிழியும் தன் மேட்டின் உயரம் அளவுக்கு அழுத்தத்தைத் தின்னும். 35 மில்லிமீட்டர் தொங்கல் பத்து இருந்தால், மோசமான நாளில் ஓர் அடிக்கு மேல் உயரம் போச்சு. கீழ்த்தளத்துக் குழாய்க்கு அது தெரியாது. தொட்டிக்கு ஒன்றிரண்டு அடி கீழேயே இருக்கும் மாடிக் குளியலறையில் ஷவர் சொட்டுச் சொட்டாக நிற்கும். ஆளைக் கூப்பிட்டு ஷவரை மாற்றுவார்கள், பைப்பைப் பார்க்க மாட்டார்கள்.

நம்ம பக்கத்து போர்த் தண்ணீர் உப்பு. பள்ளத்தில் தேங்கும் தண்ணீரோடு மணலும் சுண்ணாம்புப் படிவும் அங்கேயே இறங்கும். சிறுவாணித் தண்ணீர் வரும் பைப்பில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டில் நல்ல தண்ணிப் பைப், உப்புத் தண்ணிப் பைப் என்று இரண்டு ஓடினால், உப்புத் தண்ணிப் பைப்பின் மட்டத்தை முதலில் பாருங்கள்.

நடுவுல பித்தளை வால்வு ஒண்ணு இருக்குது. அதுக்குத் தனியாப் போடணுமா?

போட வேண்டும். பித்தளையின் எடை ஒரே இடத்தில் விழுகிறது. போதாததற்குக் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் பைப்பும் சேர்ந்து முறுக்குகிறது. வால்வுக்கு இரு பக்கமும் அரை அடிக்குள் ஒவ்வொன்று. முடிந்தால் வால்வை நங்கூரம் இருக்கும் நடுப்பகுதிக்கே கொண்டுபோங்கள், அங்கே பைப் நகர்வதே இல்லை.

சோலார் சுடுதண்ணிப் பைப் அரை அங்குலம். அதுக்கும் 3 அடியேதானா?

இரண்டரை அடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பைப் மெலிசு, சூடும் அதிகம். சூட்டில் நீட்சியும் வெயில் பைப்பைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால் எல்போவுக்கு அடுத்துக் கிளாம்ப் இல்லாமல் விடும் 3 அடியை மறக்காதீர்கள். சாதாரண வெள்ளைப் பிவிசியைச் சுடுதண்ணீருக்குப் போட்டிருந்தால் கிளாம்ப் பற்றிப் பேசிப் பயனில்லை, பைப்பையே மாற்றுங்கள்.

தோட்டத்துல கருப்பு ஹோஸ் பைப்பை காம்பவுண்டு சுவத்துல ஓட்டலாமுங்களா?

ஓட்டலாம், ஆனால் கிளாம்ப் மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. அது சிபிவிசியைப்போல் மூன்று மடங்கு வரை நீளும், கருப்பு நிறம் வெயிலை முழுசாகக் குடிக்கும். அடியில் நீளமாக ஒரு ஆங்கிளோ மரச்சட்டமோ கொடுத்து அதன்மேல் படுக்கவைத்தால் நிற்கும். தென்னந்தோப்பில் மண்ணுக்குள் புதைப்பது இதைவிட மேல்.

வெயில் படாம இருக்க பெயிண்ட் அடிச்சா நீட்சி குறையுமாங்க?

வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் சூடு சில டிகிரி குறையும், பைப்பின் தோலும் வெயிலில் வெளுத்து நொறுங்காது. தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். தின்னர் கலந்த ஆயில் பெயிண்ட் பைப்பையே தின்னும். கிளாம்ப்பை மாட்டுவதற்கு முன்னால் அடித்துக் காயவிடுங்கள். மாட்டிய பிறகு அடித்தால் பெயிண்ட் கிளாம்ப்புக்கும் பைப்புக்கும் நடுவில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். அடித்துவிட்டீர்கள் என்றால், காய்ந்த மறுநாள் ஒவ்வொரு கிளாம்ப்பிலும் பைப்பைக் கையால் ஒருதரம் முன்னும் பின்னும் தள்ளி விடுவித்துவிடுங்கள்.